"வச்சு செஞ்சுட்டாங்க சார்": நேர்முகத்திலும் மின்னஞ்சலிலும் நுழையும் ஸ்லாங்கைப் பிடித்து மாற்றுவது எப்படி

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் நேர்முக மேசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். லைன் சூப்பர்வைசர், குவாலிட்டி, மெர்ச்சன்டைசிங் உதவியாளர் வேலைகளுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் தமிழில்தான் பேசுவோம். ஒருமுறை பல்லடம் பக்கத்திலிருந்து 24 வயதுத் தம்பி ஒருவர் வந்தார். துணியைத் தொட்டுப் பார்த்தே அதன் எடை அளவான ஜி.எஸ்.எம். எவ்வளவு இருக்கும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிற கை. பழைய கம்பெனியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டோம். அவர் சொன்னது இது:

"அது ஒரு மொக்க கம்பெனிங்க சார். மேனேஜர் செம டென்ஷன் பார்ட்டி. ஒரு ஷிப்மென்ட் சொதப்பினதுக்கு என்னைய வச்சு செஞ்சுட்டான். வடக்கனுங்கள வச்சு வேலை வாங்குறதும் பெரிய தலைவலி. அதான் கழண்டுக்கிட்டேன்."

மேசையில் இருந்த மூன்று பேரில் ஒருவர் சிரித்தார். ஒருவர் பேனாவை மூடி வைத்தார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் பிறகு வெளியே டீக்கடையில் அவரிடம் பேசியபோது, அந்த ஐந்து வரிக்குள் இரண்டு வருட நல்ல வேலை இருந்தது தெரிந்தது. அவர் பயன்படுத்திய சொற்கள் அதை மூடி வைத்துவிட்டன. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஐந்து வரியைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

முதலில், எதைத் தேடுகிறோம்

ஸ்லாங்கை மாற்றச் சொன்னதும் பலர் தங்கள் ஊர்ப் பேச்சையே மாற்றப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். "ஆமாங்", "சொல்லுங்" என்று கொங்குப் பேச்சில் பேசுவதோ, மதுரைக்காரர் தன் இழுப்போடு பேசுவதோ ஸ்லாங் இல்லை. அந்தப் பேச்சை உங்கள் பாட்டியும் பேசுகிறார், ஊர்ப் பெரியவரிடமும் அதையே பேசுகிறார். கேட்கிறவருக்கு நீங்கள் எந்த ஊர் என்று தெரியும், அவ்வளவுதான்.

தொழில் சொல்லும் ஸ்லாங் இல்லை. கட்டிங், செக்கிங், பீஸ் ரேட், ஜாப் ஒர்க், ரிஜெக்‌ஷன் எல்லாம் அந்த வேலையின் பெயர்கள். அவற்றைத் தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். "கட்டிங்" என்ற சொல்லுக்கு டாஸ்மாக் வாசலில் வேறு பொருள் உண்டு. ஆனால் கட்டிங் மாஸ்டரைக் கட்டிங் மாஸ்டர் என்றுதான் சொல்ல முடியும்.

நாம் தேடுவது வேறு. நண்பர்களுக்குள், ஹாஸ்டலில், ஷிஃப்ட் முடிந்து பைக் எடுக்கும் இடத்தில் பிறந்த சொற்கள். மொக்க, செம, மாஸ், கெத்து, சொதப்பல், கலாய்ச்சுட்டாங்க, பல்பு வாங்கினேன், ஓ.பி. அடிக்கிறான், கழட்டி விட்டாங்க, வேற லெவல். இந்தச் சொற்களில் செய்தியைவிடச் சிரிப்போ எரிச்சலோதான் அதிகம். கூட்டாளிக்கு அந்த உணர்வே போதும், மீதியை அவர் ஊகித்துக்கொள்வார். முன்பின் தெரியாத அதிகாரியால் ஊகிக்க முடியாது. ஊகித்தாலும் உங்களுக்குச் சாதகமாக ஊகிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

படி 1: உங்கள் வாயிலிருந்தே பட்டியல் எடுங்கள்

"நான் ஸ்லாங் பேசுவதில்லை" என்று எல்லோரும் நம்புகிறார்கள். நாள் முழுக்கச் சொல்லும் சொல் சொல்கிறவர் காதில் விழுவதில்லை. அதனால் யோசித்துப் பட்டியல் போடாதீர்கள், ஆதாரம் எடுங்கள்.

கைபேசியில் ரெக்கார்டரைப் போட்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் பேசுங்கள்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், பழைய வேலையை ஏன் விட்டீர்கள், வேலையில் வந்த ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம். முதல் கேள்விக்கு எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள், அதில் பெரிதாக ஒன்றும் சிக்காது. கோபமோ வருத்தமோ கலந்த இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில்தான் ஸ்லாங் கொட்டும். முடிந்தால் எதிரில் ஒருவரை உட்கார வைத்துப் பேசுங்கள். சுவரைப் பார்த்துப் பேசும்போது நாக்கு தானாகவே அடங்கிவிடும்.

பிறகு கேட்டபடியே, ஒரு சொல்லையும் திருத்தாமல், எழுதுங்கள். இது அலுப்பான வேலை. அரை மணி நேரம் ஆகும். ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் யாரும் தங்கள் சொற்களைப் பிடித்து நான் பார்த்ததில்லை. காதுக்குத் தப்பியது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எழுத்துப் பழக்கத்துக்கு இன்னொரு இடம் இருக்கிறது. ஜிமெயில் வைத்திருந்தால் தேடல் பெட்டியில் இப்படித் தட்டுங்கள்:

```
in:sent செம
```

நீங்கள் அனுப்பிய அஞ்சல்களில் அந்தச் சொல் எங்கே வந்தது என்று காட்டும். சொல்லை அஞ்சலில் எழுதிய அதே வடிவில் கொடுக்க வேண்டும். "சொதப்பல்" என்று தேடினால் "சொதப்பிடுச்சு" கிடைக்காது, அதைத் தனியாகத் தேடுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிற பழக்கம் இருந்தால் அந்த எழுத்திலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

படி 2: சந்தேகமான சொல்லைச் சோதியுங்கள்

சில சொற்களில் குழப்பம் வரும். "சொதப்பல்" இப்போது பத்திரிகைச் செய்தியிலேயே வருகிறதே என்பார்கள். கிரிக்கெட் பக்கத்திலும் சினிமாப் பக்கத்திலும் வரும்தான். அதனால் பத்திரிகையை அளவுகோலாக வைக்க வேண்டாம்.

நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்விகள். முதலாவது, யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ அவர் அதே அறையில் உட்கார்ந்திருந்தால் இந்தச் சொல்லைச் சொல்வீர்களா? "டென்ஷன் பார்ட்டி" என்று அந்த மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. "அவசரமான ஆர்டர் நேரத்தில் கடுமையாகப் பேசுவார்" என்று சொல்லலாம். கேட்டால் அவரும் மறுக்க மாட்டார்.

இரண்டாவது, அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு "அப்படின்னா என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்க இடம் இருக்கிறதா? "ஷிப்மென்ட் சொதப்பிடுச்சு" என்றால் கேட்க இடம் இருக்கிறது: லேட்டா, ரிஜெக்ட் ஆனதா, அளவு மாறியதா? "ஷிப்மென்ட் 3 நாள் தாமதமாகப் போனது" என்றால் இல்லை. சாதாரணப் பேச்சுச் சொல்லை ஸ்லாங்கிலிருந்து பிரிக்கவும் இது உதவும். "முதல் மாதம் திணறினேன்" என்பதில் ஒரு தகவல் இருக்கிறது, அது இருக்கட்டும்.

படி 3: சொல்லுக்குச் சொல் தேடாதீர்கள், நடந்ததைத் தேடுங்கள்

பெரும்பாலோர் தவறுகிற இடம் இதுதான். "மொக்க" என்பதை எடுத்துவிட்டு "தரமற்ற" என்று வைப்பார்கள். "அது ஒரு தரமற்ற நிறுவனம்" என்றால் சொல் மரியாதையாகிவிட்டது, ஆனால் வசை அப்படியே இருக்கிறது. தகவல் இன்னும் வரவில்லை. ஸ்லாங் எந்த நிகழ்ச்சியின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்த நிகழ்ச்சியைச் சொன்னால் நடுநிலைச் சொல் தானாக வந்துவிடும்.

தம்பியின் பதிலை எடுத்துக்கொள்வோம். டீக்கடையில் நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன்.

"மொக்க கம்பெனி" என்றால் என்ன என்றேன். அங்கே குவாலிட்டிக்கென்று தனிப் பிரிவு இல்லை, புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழேதான் செக்கிங்கும் இருந்தது, பீஸை நிறுத்தினால் அவரே எடுத்து அனுப்பிவிடுவார் என்றார். குவாலிட்டி வேலைக்கு வந்த ஒருவர் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

"சொதப்பினது" என்ன? 6,000 டி-ஷர்ட் ஆர்டர். உடம்புத் துணியும் கழுத்து ரிப்பும் தனித்தனி லாட்டில் சாயம் ஏறி வந்ததில் ஷேடு மாறியிருந்தது. கட்டிங்குக்கு முன்னால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் தெரிந்து, ரிப்பை மாற்றித் தைத்து அனுப்ப 3 நாள் தாமதம். அதன் பிறகு அவரே ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, ரிப்போடு சேர்த்து அட்டையில் ஒட்டி, கையெழுத்து வாங்கிய பிறகே கட்டிங்குக்கு விட்டிருக்கிறார். இதை அவர் மேசையில் சொல்லவே இல்லை!

"வச்சு செஞ்சுட்டான்" என்பது, எல்லோர் முன்னாலும் திட்டி, பொறுப்பு முழுவதையும் இவர் மேல் போட்டது. இங்கே எனக்கு ஒரு கருத்து உண்டு. உண்மையிலேயே மனம் நொந்த விஷயமாக இருந்தாலும் நேர்முகத்தில் அதை விட்டுவிடுவது நல்லது. நடுநிலையாகச் சொன்னாலும் அது வேலை பற்றிய பதிலாக இருக்காது. "அவன்" மட்டும் எந்தச் சூழலிலும் கூடாது. பழைய மேலாளர் எப்படி நடந்திருந்தாலும் "அவர்"தான்.

"வடக்கனுங்க" என்ற சொல்லைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் இது சர்வசாதாரணமாகப் புழங்குகிறது, சொல்கிறவர் பலருக்கு அது இழிவுச் சொல் என்றே தோன்றுவதில்லை. ஆனால் எங்கள் லைனில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளராகப் போகிறவர் இந்தச் சொல்லைச் சொன்னதும், தொழிலாளர் புகார்களைக் கையாளும் அதிகாரியின் பேனா மூடியது. "வெளிமாநிலத் தொழிலாளர்கள்" என்பதே நடுநிலைச் சொல். அதேபோல, "பசங்கள வச்சு வேலை வாங்கினேன்", "பொண்ணுங்க லைன்" என்பதற்குப் பதில் "டெய்லர்கள்", "செக்கிங்கில் இருக்கிற பெண்கள்" என்று சொன்னால் போதும். அந்தத் தலைவலிக்குப் பின்னால் இருந்ததும் ஒரு நல்ல விஷயம்தான். மொழி புரியாததால், தவறான பீஸையும் சரியான பீஸையும் பக்கத்தில் மாட்டி ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டியிருக்கிறார்.

"கழண்டுக்கிட்டேன்" என்பது ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகியது. இதைச் சொல்லாததால் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார் என்றுதான் நாங்கள் புரிந்துகொண்டோம்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் பதில் இப்படி வருகிறது. பேச்சுத் தமிழிலேயே எழுதுகிறேன், நேர்முகத்தில் அப்படித்தான் பேச வேண்டும்:

"அங்கே ரெண்டு வருஷம் குவாலிட்டி பார்த்தேங்க சார். குவாலிட்டிக்குத் தனிப் பிரிவு கிடையாது, புரொடக்‌ஷனுக்குக் கீழேதான் செக்கிங்கும் இருந்துச்சு. ஒரு ஆர்டர்ல ரிப் ஷேடு மாறினதை நான் கட்டிங்குக்கு முன்னாடி கவனிக்கலை, ஷிப்மென்ட் மூணு நாள் தாமதமாச்சு. அதுக்கப்புறம் லாட் வாரியா ஷேடு அட்டை வச்சுப் பார்த்த பிறகுதான் கட்டிங்குக்கு விட்டேன். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மொழி புரியாததால மாதிரி பீஸ் மாட்டிக் காட்டுவேன். குவாலிட்டி தனியா இருக்கிற இடத்துல வேலை பார்க்கணும்னு ஒரு மாச நோட்டீஸ் கொடுத்து விலகினேங்க."

நடுநிலைச் சொல் பொய்ச் சொல்லாக மாறிவிடக் கூடாது. "தூக்கிட்டாங்க" என்பதை "நானே விலகினேன்" என்று மாற்றக் கூடாது. "வேலையிலிருந்து நீக்கினார்கள்" அல்லது, ஆர்டர் குறைந்ததால் பலரை அனுப்பியிருந்தால், "ஆள்குறைப்பில் என் வேலையும் போனது" என்பதே சரி. ரிலீவிங் லெட்டரைக் கேட்கும்போதோ பழைய இடத்துக்குப் போன் போட்டு விசாரிக்கும்போதோ உண்மை வந்துவிடும்.

படி 4: இரட்டைப் பொருள் சொற்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்

சில சொற்கள் வெறும் அசட்டுத்தனமாகப் போகாமல், நீங்கள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி கேட்கும். மெர்ச்சன்டைசிங் வேலைக்கு வந்த ஒருவர் "பையரை கரெக்ட் பண்ணி ஆர்டர் வாங்கினேன்" என்றார். அவர் சொல்ல வந்தது, விலை விவரத்தைக் காட்டி, சாம்பிள் இரண்டு முறை அனுப்பி, சம்மதிக்க வைத்தது. காதில் விழுந்தது லஞ்சம். பையர் பெண்ணாக இருந்தால் இன்னும் மோசமான பொருள். "பேசிச் சம்மதிக்க வைத்தேன்" என்பதே போதும்.

"மேட்டர்" இந்த வகைதான். "சம்பள மேட்டர்" என்று நாள்தோறும் சொல்கிறோம், ஆனால் அந்தச் சொல்லுக்குப் பாலியல் பொருளும் உண்டு. "சம்பளம் பற்றி" என்றாலே வேலை முடிந்தது. "அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்", "செட்டிங் பண்ணினேன்" இரண்டும் கணக்கைத் திருத்தியது போலக் கேட்கும். எதை மாற்றினீர்கள், யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

அளவுச் சொற்களுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. செம, பயங்கர, தாறுமாறா, வேற லெவல் ஆகியவை வந்தால் அந்த இடத்தில் ஓர் எண்ணை வையுங்கள். "செம ஒர்க் லோடு" என்பதைவிட "ஒரு நாளைக்கு 4,000 பீஸ் செக் பண்ணுவோம்" என்பது தெளிவு.

படி 5: மறுபக்கம் விழாதீர்கள்

ஸ்லாங்கை விட்டதும் சிலர் மேடைத் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். "அடியேன் தங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் வாய்ப்பை நல்குமாறு" என்று நேர்முகத்தில் ஒருவர் தொடங்கினால், இரண்டாவது கேள்வியிலேயே மூச்சு வாங்கிவிடும். மூன்றாவதில் பழைய ஸ்லாங் இரண்டு மடங்காக வரும். "பணிபுரிந்தேன்" வேண்டாம், "வேலை பார்த்தேன்" போதும். டெய்லர், லைன், ஷிஃப்ட் எல்லாவற்றையும் தூய தமிழாக்கவும் தேவையில்லை.

சோதிக்க ஒரு வழி: மாற்றி எழுதிய வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லுங்கள். அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தால் அது மேடைத் தமிழ். ஒன்றும் சொல்லாமல் வேலையைப் பார்த்தால் சரியான இடத்தில் இருக்கிறது.

படி 6: மின்னஞ்சல்

பேச்சில் குரலும் முகமும் ஸ்லாங்கைக் கொஞ்சம் காப்பாற்றும். எழுத்தில் அந்தத் துணை இல்லை. அஞ்சல் மற்றவர்களுக்கும் அனுப்பப்படும், ஒரு வருடம் கழித்தும் திறக்கப்படும். நேர்முகம் முடிந்து மறுநாள் எங்களுக்கு வந்த அஞ்சல் ஒன்றின் சாயலில் இதை எழுதுகிறேன்:

"ஹாய் சார், நேத்து இன்டர்வியூ செமயா போச்சு. உங்க கம்பெனி வேற லெவல். சேலரி மேட்டர் என்னாச்சுன்னு ஒரு அப்டேட் போடுங்க. வெயிட்டிங்."

இதை எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் யார், எந்த வேலைக்கு, என்றைக்கு வந்தவர் என்று எதுவுமே இதில் இல்லை. "அப்டேட் போடுங்க" என்பது கட்டளை, "வெயிட்டிங்" என்பது அவசரப்படுத்துவது. மாற்றினால்:

"வணக்கம் ஐயா. செவ்வாய்க்கிழமை குவாலிட்டி சூப்பர்வைசர் வேலைக்கான நேர்முகத்துக்கு வந்திருந்தேன். செக்கிங் பிரிவை நேரில் காட்டி விளக்கியதற்கு நன்றி. சம்பளம் பற்றி இந்த வாரம் தெரிவிப்பதாகச் சொன்னீர்கள். முடிவானதும் தெரிவித்தால், இப்போதைய இடத்தில் நோட்டீஸ் கொடுக்க எனக்கு வசதியாக இருக்கும். இப்படிக்கு," என்று பெயரும் கைபேசி எண்ணும்.

கவனியுங்கள், இதில் பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் பேச்சு வடிவம் எழுத்து வடிவமாகியிருக்கிறது: நேத்து, என்னாச்சு, போடுங்க ஆகியவை போய்விட்டன. நேர்முகத்தில் பேச்சுத் தமிழ் இயல்பு, அஞ்சலில் எழுத்துத் தமிழ் இயல்பு. ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே கணக்குதான். "ஹாய் ப்ரோ", "தேங்க்ஸ் எ லாட்", யூ என்பதற்கு ஒற்றை எழுத்து, மூன்று ஆச்சரியக்குறி, சிரிப்பு முகம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

அஞ்சலின் Subject என்கிற பொருள் வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "இன்டர்வியூ மேட்டர்" என்று அங்கே இருந்தால் உள்ளே எவ்வளவு திருத்தியும் பயனில்லை. கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் Settings-க்குள் Undo Send என்று ஒன்று இருக்கிறது. அதை 30 விநாடிக்கு மாற்றி வையுங்கள். அனுப்பிய உடனேதான் தவறு கண்ணில் படும், திரும்ப இழுக்க அந்த நேரம் கிடைக்கும்.

படி 7: நாக்கைப் பழக்குவது

பட்டியலில் 30 சொற்கள் இருந்தாலும் முதலில் ஐந்தை மட்டும் எடுங்கள். பதற்றத்தில் வாய் பழக்கத்துக்குத்தான் ஓடும், அதனால் மாற்றுச் சொல்லும் பழக்கமாகியிருக்க வேண்டும். வீட்டில் தங்கையிடமோ மனைவியிடமோ அந்த ஐந்து சொல்லைச் சொல்லி வையுங்கள். ஒரு வாரம், எப்போது வந்தாலும் அவர் கையைத் தூக்கட்டும். நீங்கள் நின்று, அதே வாக்கியத்தை நடந்ததை வைத்து மறுபடி சொல்லுங்கள். வாரக் கடைசியில் அதே மூன்று கேள்விகளுக்கு மறுபடி ரெக்கார்ட் செய்து, எழுதி ஒப்பிடுங்கள். கோபம் வரும் கேள்வியில் ஒன்றிரண்டு கடைசி வரை விடாது, அந்தப் பதிலை மட்டும் இன்னும் சில முறை சொல்லிப் பாருங்கள்.

நேர்முகம் எடுப்பவரே சில நேரம் "அந்தக் கம்பெனி மொக்கையாச்சே" என்று சிரிப்பார். நீங்களும் சிரித்துக்கொள்ளலாம், அந்தச் சொல்லை மட்டும் நீங்களும் திருப்பிச் சொல்ல வேண்டாம். "அங்கே குவாலிட்டிக்குத் தனி ஆள் இல்லைங்க சார்" என்று உங்கள் பதிலுக்குப் போய்விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஒரு சொல் வந்துவிடும். வந்தால் "ஸாரி சார், ஸ்லாங்ல சொல்லிட்டேன்" என்று நிறுத்தாதீர்கள், கவனிக்காதவரும் அப்போது கவனித்துவிடுவார். "அதாவது" என்று சேர்த்து நடந்ததைச் சொல்லிக்கொண்டே போங்கள்: "ஒரு ஷிப்மென்ட் சொதப்பிடுச்சு, அதாவது ரிப் ஷேடு மாறி மூணு நாள் தாமதமாச்சுங்க சார்."

அந்தத் தம்பிக்கு டீக்கடையில் கடைசியாக நான் சொல்லிக்கொடுத்தது இந்த "அதாவது"தான். அடுத்த மாதம் அவர் வேறொரு நிறுவனத்தில் குவாலிட்டியில் சேர்ந்தார். ஷேடு அட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனாராம், அதைப் பற்றியே பாதி நேரம் கேட்டார்களாம்.